பாம்பு இல்லை என்று இமாம் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் ஏட்டின் ஆன்மிகப் பக்கத்தில் வந்த மரணத்துக்குப் பிந்தைய வாழ்வு பற்றிய கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கடையில், வியாபாரத்துக்கு நடுவே. இரண்டாவது, ஜும்ஆ முடிந்து வந்து. மூன்றாவது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. மூன்று தடவையும் அந்த வரி அப்படியேதான் இருந்தது: "கபுரில் பாம்பு கடிக்கும் என்பதெல்லாம் வெறும் உருவகம்தான் என்று இமாம் கஸ்ஸாலியே எழுதிவிட்டார்."

அந்த ஏகாரம் இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'கஸ்ஸாலியே'. ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்த மாதிரி. அவர் என்ன எழுதினார் என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்திருந்தும் அந்த வரி எப்படி அச்சேறியது என்பதுதான் என் கேள்வி.

தங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வாப்பா காலத்திலிருந்து வருகிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய ஜனங்களுக்கு அரிசியும் கருவாடும் பற்று வைத்துக் கொடுத்த கடை எங்களுடையது. இப்போது பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களில் பாதி காலி. பத்திரிகையை மட்டும் நான் நிறுத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், கபுரில் கேள்வி கேட்கும் முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகளைப் பற்றி எழுதும்போது தாங்கள் 'நக்கீரர்' என்று அச்சிட்டபோதும் நிறுத்தவில்லை. குற்றம் குற்றமே என்று கேட்டவர் என்பதால் கபுரிலும் அவரே கேட்கட்டும் என்று நினைத்தீர்களோ என்னவோ! அன்று மரியாதையாகத்தான் ஒரு திருத்தம் அனுப்பினேன். அது எந்தக் குப்பைத்தொட்டியில் அடக்கமாயிற்றோ தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தோட்டத்து நிலம் வீடு கட்டுபவர்கள் கைக்கு மாறியது. அதன் ஓரத்தில் இருந்த எங்கள் பழைய மையவாடியைப் பெயர்த்து, பட்டணத்து மையவாடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மொத்தம் பதினோரு கபுர். மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன். என் வாப்பாவின் வாப்பாவுடைய கபுரை நானே திறந்தேன். வைத்த பலகை மக்கிப் போயிருந்தது, ஆனால் அதன் ரேகை களிமண்ணில் வரி வரியாகப் பதிந்திருந்தது. உடம்பு சாயாமல் இருக்க அண்டக் கொடுத்த மண் உருண்டைகளில் ஒன்று உடையாமல் கிடந்தது. யாரோ உள்ளங்கையில் உருட்டிய உருண்டை. தொடை எலும்பு இரண்டு, அவற்றின் ஊடே செம்பனை வேர். அவ்வளவுதான்.

கூட வந்த ஒரு பையன் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்பு எங்கே காக்கா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஹஸ்ரத் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். எனக்கும் கோபம்தான். ஆனால் கேள்வி என்னோடு வீடு வரை வந்துவிட்டது. பிறகு இன்னொரு ஆலிமிடம் போய் உட்கார்ந்து, இமாம் கஸ்ஸாலி எழுதிய இஹ்யா என்ற நூலின் கடைசிக் கிதாபை, அதாவது நாற்பதாவது கிதாபை, மரணத்தைப் பற்றியதை, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். படித்தால், அந்தப் பையனின் கேள்வி அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது! காஃபிரின் கபுருக்குள் பார்க்கிறோம், கொஞ்ச நேரம் கவனிக்கவும் செய்கிறோம், ஒன்றும் தென்படவில்லையே, கண்ணால் கண்டதற்கு மாறாக எப்படி நம்புவது என்று இமாமே கேட்டு வைத்திருக்கிறார். ஹிஜ்ரி 505-இல், கி.பி. 1111-இல் காலமான மனிதர். அவர் யாரையும் ஏசவில்லை. பதில் சொல்கிறார், அதுவும் மூன்று படியாக.

காஃபிரின் கபுரில் 99 பெரும்பாம்புகள் சாட்டப்படும் என்று ஒரு அறிவிப்பு உண்டு. அதை வைத்துத்தான் பேச்சு. முதல் படி: அந்தப் பாம்புகள் உண்மையாகவே இருக்கின்றன, உண்மையாகவே கடிக்கின்றன. நமக்குத் தெரியாததற்குக் காரணம், மறுமை சார்ந்தவற்றைப் பார்க்க இந்தக் கண் லாயக்கில்லை என்பது. ஜிப்ரீல் வந்ததை நபித்தோழர்கள் பார்க்கவில்லை, இருந்தும் நபியவர்கள் அவரைப் பார்க்கிறார்கள் என்று நம்பினார்கள் அல்லவா, அதுபோல. தயவுசெய்து கவனியுங்கள், இந்தப் படியைத்தான் மிகத் தெளிவானது, மிகச் சரியானது, பத்திரமானது என்று இமாம் சொல்கிறார். தங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை போலும்.

இரண்டாவது, தூங்குகிறவன் கனவு. பாம்பு கடிப்பதாகக் கனவு காண்கிறான், நெற்றி வேர்க்கிறது, அலறுகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அசையாத உடம்புதான் தெரிகிறது. இதற்கு எனக்குக் கிதாபே வேண்டாம். வாப்பா தம் கடைசி வருடத்தில் கடைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் மத்தியானம் கண்ணயர்வார். திடீரென்று தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் வரும், சட்டை நனைந்திருக்கும். உலுக்கினால், "கருநாகம்டா, காலைச் சுத்திக்கிட்டு" என்பார். நான் பார்த்ததெல்லாம் அவர் காலில் உட்கார்ந்திருந்த ஈயை மட்டும்தான். வலி அவருக்கு வந்துவிட்டது. அந்தப் பாம்பைக் கற்பனை என்றாலும் கண்டது என்றாலும் அவருக்கு என்ன வித்தியாசம்? இமாம் கேட்பதும் இதைத்தான்.

மூன்றாவது படிதான் தங்கள் கட்டுரையாளருக்குப் பிடித்தது. பாம்பு தானாக வலி தருவதில்லை, விஷம் தருகிறது. விஷமும் வலி அல்ல, அது உடம்பில் செய்யும் வேலைதான் வலி. அந்த வேலை விஷம் இல்லாமலே நடந்தால், அதைப் 'பாம்புக்கடி' என்று சொல்லித்தானே புரியவைக்க முடியும்? பெருமை, பொறாமை, முகஸ்துதிக்கு ஆசை போன்ற கெட்ட குணங்கள் சாவின்போது நஞ்சாக மாறி உள்ளேயே கடிக்கின்றன, பாம்புகளின் எண்ணிக்கை அந்தக் குணங்களின் எண்ணிக்கை என்கிறார். அழகான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் அத்தோடு புத்தகம் முடியவில்லையே! இந்த மூன்றில் எது சரி என்று அடுத்து அவரே கேட்கிறார். ஒன்றை மட்டும் ஏற்று மற்றதை மறுப்பவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்கிறார். மூன்றும் நடக்கக்கூடியதே, ஒருவருக்கு ஒரு வகை, இன்னொருவருக்கு எல்லா வகையும் சேர்ந்து என்பது அவர் முடிவு.

அதற்குப் பிறகு ஒரு உதாரணம் சொல்கிறார். அரசன் ஒருவனைப் பிடித்து அடைத்துவிட்டான், விடிந்தால் கையையும் மூக்கையும் வெட்டப் போகிறான். அந்த ஆள் தப்பிக்க வழி தேடாமல், வெட்டப் போவது கத்தியாலா, வாளாலா, சவரக்கத்தியாலா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறானாம். நாமும் அப்படித்தான் இருக்கிறோம் என்கிறார். இந்தக் கடிதம் எழுதும் எனக்கும் அதில் ஒரு குத்து உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இமாம் எதையுமே உருவகமாக எடுக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை, அதையும் திரித்துப் போட்டுவிடாதீர்கள். மறுமையில் மரணத்தையே ஒரு ஆட்டுக்கடா வடிவில் கொண்டுவந்து, சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே அறுப்பார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. மரணம் ஒரு நிலை, அது எப்படி உடம்பெடுத்து ஆடாகும் என்று தர்க்கம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அங்கே, அன்று இருப்பவர்கள் கண்ணுக்கு அப்படித் தோன்றும், அதைப் பார்த்து இனிச் சாவு இல்லை என்று உறுதி கொள்வார்கள் என்று பொருள் கொள்ளலாம் என ஃபைஸல் என்ற நூலில் காட்டுகிறார். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார். வெளிப்படையான பொருள் நடக்கவே முடியாதது என்று ஆதாரத்தோடு நிரூபித்த பிறகுதான் அடுத்த பொருளுக்கு இறங்கலாம். கடாவுக்கு அந்த நிரூபணம் இருக்கிறது. பாம்புக்கு எங்கே இருக்கிறது? குழிக்குள் தெரியவில்லை என்பது நிரூபணம் ஆகுமா? உடம்போடு எழுப்பப்படுவதை மறுத்த தத்துவவாதிகளை இஸ்லாத்துக்கு வெளியே நிறுத்தியவரும் இதே மனிதர்தான். அவரைக் கூப்பிட்டா 'எல்லாம் உருவகம்' என்று சாட்சி சொல்ல வைப்பது?

கட்டுரையின் கடைசியில் இன்னொரு வரி: "கபுரே இல்லாதவருக்குக் கபுர் வேதனை ஏது?" எழுதியவருக்கு அது வேடிக்கை. எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் கப்பலில் வேலைக்குப் போனவன், கடலில் போய்விட்டான், மையித்து கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு என் கடைக்கு வந்தார். "அவன் கிட்ட யாரு தம்பி கேள்வி கேப்பாங்க? அவனுக்கு நான் ஓதுறது எங்க போகும்?" சீனிக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கபுர் என்பது பெரும்பாலோர் புதைக்கப்படுவதால் வந்த பேச்சு. சாவுக்கும் எழுப்பப்படுவதற்கும் நடுவில் உள்ள திரைக்குக் குர்ஆன் 23-ஆம் சூராவில் பர்ஸக் என்று பெயர் இருக்கிறது. மிருகம் தின்றவருக்கும் எரிந்து போனவருக்கும் கடலில் போனவருக்கும் அதே பர்ஸக்தான். கபுர் வேதனைக்கு உலமாக்கள் காட்டும் பெரிய ஆதாரமே 40-ஆம் சூராவில் ஃபிர்அவ்னின் கூட்டத்தார் காலையும் மாலையும் நெருப்பின் முன் கொண்டுவரப்படுகிறார்கள் என்ற வசனம்தான். அவர்கள் எப்படிச் செத்தார்கள்? தண்ணீரில் மூழ்கி. அவர்களுக்கு யார் குழி வெட்டினார்கள்? வேதனைக்கு மண் வேண்டாம் என்றால் ரஹ்மத்துக்கும் வேண்டாம் அல்லவா என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சீனியை வாங்கிக்கொண்டு போனார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. இந்த வேலையைத் தங்கள் கட்டுரையாளர் அல்லவா செய்திருக்க வேண்டும், அரிசிக்கடைக்காரனா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கஸ்ஸாலி சொன்னது மூன்று, முதலாவதைத்தான் அவர் பத்திரமானது என்றார் என்று இரண்டு வரி போடுங்கள். என் பெயர் வேண்டாம். அப்புறம், அந்தப் பக்கத்தின் பின்புறம் வார ராசிபலன் போடுவதை மட்டும் மாற்றினால் நல்லது. மத்தியானத்துக்குள் கடைக்கு வரும் யாராவது சிம்ம ராசிக்காரர் கத்தரித்துக்கொண்டு போய்விடுகிறார். இந்தத் தடவை கூடக் கட்டுரையின் நடுவில் ஒரு ஓட்டை. நான் மேலே காட்டிய இரண்டு வரிகளும் அந்த ஓட்டைக்கு வெளியே இருந்ததால் தப்பித்தன.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்கார வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.