ஏழாவது ஸ்லைடு பற்றி, அக்காவுக்கு

அக்கா,

போன வாரம் என் பிஎச்டி மூன்றாம் ஆண்டு ரிவ்யூ முடிந்தது. திருத்திய திட்டத்தைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. இதை மட்டும் சொல்வதென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள்தான் எடுப்பதில்லை. நம் லேப் ஆட்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சில இடங்களைச் சுருக்கமாகத்தான் எழுதுவேன். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

ஏழாவது ஸ்லைடில் உங்கள் செல்கள் இருந்தன. உங்கள் பெயரைப் போடவில்லை. 'லேபில் ஏற்கெனவே சேமித்திருந்த ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள்' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஆனால் அது யார் உறைய வைத்த வயல் குப்பி என்பது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். நீங்கள் இல்லாத இடத்தில் அதைக் காட்டியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். காட்டாமல் இருந்திருக்கவும் முடியாது. ஏழு மாதத் தாமதத்துக்குக் காரணமே அந்த ஸ்லைடுதான்.

'தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். யார் சொன்னது என்று இங்கே எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் கமிட்டி அடுத்துக் கேட்டிருக்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. அதனால் படத்தையே போட்டேன். ஹெக்ஸ்ட் சாயம் ஏற்றிய செல்கள், நீல உட்கரு. உட்கருவுக்கு வெளியே, ஒன்றுமே தெரியக்கூடாத இடத்தில், பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள். பக்கத்திலேயே பிசிஆர் ஜெல், அதில் பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு நேராக நம் பட்டை. மைகோபிளாஸ்மா. செல் சுவர் இல்லாத கிருமி என்பதால் மீடியத்தில் நாம் வழக்கமாக விடும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியமும் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது. செல்கள் வளர்வது மட்டும் மெல்ல மெல்லக் குறையும்.

நீங்களும் அதைப் பார்த்தீர்கள் அக்கா. ஒரு நாளில் இரட்டிக்க வேண்டிய செல்களுக்கு ஒன்றரை நாள் ஆனபோது, சீரம் பேட்ச் சரியில்லை என்றீர்கள். இன்னொரு பேட்ச் வாங்கினோம். ஒரு பிசிஆர் அரை நாள் வேலை. அதை ஏன் செய்யவில்லை என்று உங்களிடம் நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

கமிட்டியில் வெளியிலிருந்து வந்தவர் அதுவரை எதுவும் பேசவில்லை. ஏழாவது ஸ்லைடு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இதற்கு முன்னால் காட்டிய முடிவுகளில் எது நிற்கும், எது நிற்காது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கைடு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனால் பதில் அடுத்த ஸ்லைடில் இருந்தது. அந்த ஒரு ஸ்லைடுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் செலவழித்திருந்தேன். போன ஆண்டு காட்டிய ஒவ்வொரு படத்தையும் எடுத்து, நிற்கும், திரும்பச் செய்ய வேண்டும், கைவிட வேண்டும் என்று மூன்றாகப் பிரித்திருந்தேன்.

மருந்தாகச் சோதிக்கும் சேர்மத்தைத் தயாரித்தது, அதன் தூய்மை, என்எம்ஆர் எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றில் செல்லே இல்லை. எவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்டிடி சோதனைகள் முழுவதும் திரும்ப. பழைய செல்களில் பாதியைக் கொல்ல 18 மைக்ரோமோலார் போதும் என்று வந்தது. சுத்தமான செல்களில் முதல் முறை செய்தபோது 41. ஏற்கெனவே நோய்ப்பட்ட செல்லை மருந்து சுலபமாகச் சாய்த்திருக்கலாம். அந்தக் கிருமி எம்டிடி நிறத்தையே மாற்றவும் கூடும். எது எவ்வளவு என்று இனிமேல் பிரிக்க முடியாது. 41 என்பதும் இன்னும் ஒரே ஒரு முறை செய்ததுதான். தட்டில் ஆறு குழி இருந்தாலும் அது ஒரு சோதனை, ஆறு அல்ல. வேறு வேறு நாளில் எழுப்பிய செல்களில் இன்னும் இரண்டு முறை செய்த பிறகுதான் எர்ரர் பார் போடுவேன் என்று சொன்னேன். வெளியாள் தலையசைத்தார்.

மூன்றாவது வரிசையில் உங்கள் முடிவு இருந்தது. செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி பாதையைச் சேர்மம் தணிக்கிறது என்று புரதப் பட்டைகளில் காட்டிய அந்த வெஸ்டர்ன் பிளாட். என் தீசிஸின் மூன்றாவது நோக்கமே அதன் மேல்தான் கட்டப்பட்டது. மைகோபிளாஸ்மாவின் லிப்போபுரதங்களே செல்லின் டிஎல்ஆர்2 ஏற்பி வழியாக அந்தப் பாதையைத் தூண்டிவிடும். அப்படியானால் நாம் பார்த்த 'தணிப்பு', கிருமி கிளப்பிவிட்டது இறங்கியதாகவும் இருக்கலாம். சுத்தமான செல்களில் அந்தப் பாதை முதலிலிருந்தே அமைதியாக இருக்கிறது, அங்கே தணிக்க ஒன்றுமில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. எனக்கு முதல் முதலில் பிளாட் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஜெல்லுக்கும் மெம்பிரேனுக்கும் நடுவில் குமிழி நிற்காமல் உருளையை மெதுவாகத் தள்ள வேண்டும் என்று என் கைமேல் கை வைத்துக் காட்டினீர்கள். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன், புதிதாக வந்த பெண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதே கையால்தான் அந்தப் படத்தைக் கைவிட வேண்டிய வரிசையில் போட்டேன். நீங்கள் போனை எடுத்திருந்தால் முதலில் உங்களிடம் சொல்லியிருப்பேன், அதையும் நினைத்துப் பாருங்கள்.

திட்டம் இப்போது இதுதான். பழைய காலக்கோட்டைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு, அதற்குக் கீழேயே புதியதை வரைந்தேன். எவ்வளவு தள்ளிப்போனது என்று ஒளிக்காமல் தெரியட்டும் என்றுதான். ஆன்டிபயாடிக் போட்டுப் பழைய செல்களைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. மருந்தை நிறுத்திய பிறகு கிருமி திரும்பத் தலைகாட்டலாம், அதற்காகக் காத்திருந்து மறுபடி மறுபடி சோதிக்க வேண்டும். புதிய வயல் வாங்கி, பிசிஆரில் சுத்தம் என்று பார்த்து, அதிகம் பெருக்காமல் குறைந்த பாசேஜிலேயே உறைய வைத்து பேங்க் செய்தாகிவிட்டது. முதலில் எம்டிடி. மூன்றாவது நோக்கத்துக்கு நான்கு மாதம். டிஎன்எஃப்-ஆல்ஃபா கொடுத்துப் பாதையை நாமே தூண்டிவிட்டு, சேர்மம் அதைத் தணிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூண்டியதும், பாதையைப் பிடித்து வைத்திருக்கும் ஐகப்பாபி-ஆல்ஃபா புரதம் அரை மணிக்குள் குறைய வேண்டும். அது குறையாவிட்டால் சோதனையே செல்லாது. அது குறைந்தும், மூன்று தனித்தனி சோதனைகளில் சேர்மம் எதையும் மாற்றவில்லை என்றால் அந்த நோக்கத்தை விட்டுவிட்டு, இரண்டோடு தீசிஸ் எழுத வேண்டும். இதை நான்தான் திட்டத்தில் போட்டேன். ஆறாவது மாதம் நேரில் வந்து காட்ட வேண்டும் என்று சேர்த்தது கமிட்டி. அதுதான் அந்த நிபந்தனை.

உங்கள் பேப்பர் இன்னும் ரிவிஷனில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் நான்காவது படம் எந்தச் செல்களில் வந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

பழைய வயல்களை எல்லாம் ஆட்டோகிளேவ் செய்து எறிந்தபோது, உங்கள் கையெழுத்து இருந்த ஒன்றை மட்டும் கைடிடம் கேட்டுத் தனிப் பெட்டியில் போட்டு வைத்தேன். நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் அதை அனுப்புகிறேன். இல்லை, படத்தைத் திரும்பச் செய்யப் போகிறீர்கள் என்றால் புதிய பேங்கிலிருந்து இரண்டு வயல் தருவதற்கு அவர் சரி என்றுவிட்டார். எது வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். டிரை ஐஸ் வரும் நாளில் அனுப்பிவிடுகிறேன்.