எந்த உயரம் என்று எழுதிவிடுங்கள்: மாவட்ட பேட்மிண்டன் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் கழக நிர்வாகிகளுக்கும் போட்டிக் குழுவினருக்கும்,

வணக்கம். 15 வயதுக்குட்பட்ட பெண்கள் ஒற்றையர் காலிறுதியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் பயிற்சி தரும் மாணவி தோற்றதற்காக இந்த மடலை எழுதவில்லை. எதிரே ஆடிய பெண் நன்றாகத்தான் ஆடினாள். என் கேள்வி சின்னது. உங்கள் போட்டியில் சர்வீஸின் உயரத்தை எந்த விதிப்படி பார்க்கிறீர்கள்?

ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். மூன்றாவது கேமில் 18-17 என்று எங்கள் பெண் முன்னிலையில் இருந்தாள். வலது பெட்டியிலிருந்து பேக்ஹேண்டில் சின்ன சர்வீஸ் போட்டாள். அம்பயர் 'ஃபால்ட்' என்றார். 18-18. அடுத்த ராலியை அவள் ஜெயித்து, 19-18 என்று இடது பெட்டிக்குப் போய் அதே சர்வீஸைப் போட்டாள். மறுபடியும் ஃபால்ட். ஒரே கேமில், அடுத்தடுத்த மூன்று புள்ளிகளுக்குள், இரண்டு புள்ளிகள் ராலியே இல்லாமல் கைமாறின.

என்ன தவறு என்று அந்தக் குழந்தை கேட்டாள். "உயரம்" என்று பதில் வந்தது. ஆட்டம் முடிந்ததும் நான் மரியாதையாகப் போய்க் கேட்டபோது "ராக்கெட் தலை இறங்கவில்லை" என்றார்கள். போட்டிக் குழுவின் மேசையில் கேட்டால் "இடுப்புக்கு மேலே போய்விட்டது சார்" என்றார்கள். ஒரு சர்வீஸுக்கு மூன்று காரணங்கள். இவை எந்த விதியின்படி என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் முறையீடு.

பழைய விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ராக்கெட் ஷட்டிலைத் தொடும் நொடியில் முழு ஷட்டிலும் சர்வீஸ் போடுபவரின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த இடுப்பு என்பது பேண்ட் கட்டும் இடம் அல்ல, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பு. அதோடு ராக்கெட்டின் தண்டு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் பழைய விதி. 2018 மார்ச்சில் உலகக் கூட்டமைப்பு பெரிய போட்டிகளில் வேறொன்றைச் சோதித்துப் பார்த்தது. யாராக இருந்தாலும் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். அது வந்த இடத்தில் விலா எலும்புக் கணக்கு போயிற்று, தண்டு கீழே பார்க்க வேண்டும் என்பதும் போயிற்று. ராக்கெட்டைக் கிடையாகப் பிடித்தே சர்வீஸ் போடலாம். உயரம் மட்டும் தாண்டக்கூடாது. உங்கள் சுற்றறிக்கையில் 1.15 என்று ஒரு சொல் இல்லை, விலா என்று ஒரு சொல் இல்லை. 'நடைமுறையில் உள்ள விதிகளின்படி' என்று மட்டும் இருக்கிறது. கோர்ட்டிலோ 1.15 மீட்டரில் மஞ்சள் டேப் சுற்றிய ஒரு கம்பு நின்றது. அப்படியானால் 1.15 தானே? பிறகு ராக்கெட் தலை எங்கிருந்து வந்தது?

சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய வேறுபாடு. பழைய விதியில் கோடு ஆளோடு வளரும், புதிய விதியில் எல்லோருக்கும் ஒரே கோடு. 1.94 மீட்டர் உயரமுள்ள டென்மார்க் ஆட்டக்காரர் அக்செல்சனுக்கு 1.15 என்றால் முழங்காலை மடிக்க வேண்டியிருக்கும். எங்கள் பெண்ணின் உயரம் 1.55 மீட்டர். அவளுடைய அம்மா டேப் வைத்து அளந்து சொன்னார், கடைசி விலா 97 சென்டிமீட்டரில் இருக்கிறது. பயிற்சியில் 1.10 மீட்டர் உயரத்தில் குறுக்கே நூல் கட்டி, அதற்குக் கீழேதான் அடிக்க வைக்கிறேன். இறகின் நுனி சுமார் 1.05-ல் இருக்கும்போது அடிக்கப் பழகியிருக்கிறாள். முழு ஷட்டில் என்றால் இறகும் சேர்த்துத்தான். கார்க்கை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். இதே சர்வீஸ் 1.15 விதியில் பத்து சென்டிமீட்டர் மிச்சத்தோடு சரி. விலா எலும்பு விதியில் எட்டு சென்டிமீட்டர் மேலே போய் ஃபால்ட். எந்த விதி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் நூலை இறக்கிக் கட்டியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

இனி அந்தக் கம்பு. நல்ல எண்ணத்தோடுதான் நட்டிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு கோட்டை வைத்து, அதற்கு அப்பால் தூரத்தில் இருப்பதன் உயரத்தை அளக்க முடியாது. அம்பயர் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கண் தரையிலிருந்து 1.25 மீட்டரில் இருந்தது என்று வையுங்கள். கம்பு அவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணிலிருந்து டேப்புக்குப் போகும் பார்வை அந்த இரண்டு மீட்டரில் பத்து சென்டிமீட்டர் இறங்குகிறது. சர்வீஸ் போடும் பெண் கம்பிலிருந்து இன்னும் மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறாள். பார்வை அதே சாய்வில் மேலும் பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். அவளிடம் போய்ச் சேரும்போது உங்கள் 1.15 என்பது 1.00 ஆகிவிட்டது. 1.05-ல் அடித்த சர்வீஸ் டேப்புக்கு மேலே தெரியத்தான் செய்யும். அம்பயர் பொய் சொல்லவில்லை, கம்பு பொய் சொன்னது. அவர் நாற்காலியில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து கண் 1.15-க்குக் கீழே போனால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும். தவறான சர்வீஸும் சரியாகத் தெரியும்.

பெரிய போட்டிகளில் சர்வீஸ் ஜட்ஜ் முன்னால் ஒளி ஊடுருவும் இரண்டு தகடுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டிலும் 1.15-ல் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தெரிந்தால் கண் சரியான மட்டத்தில் இருக்கிறது என்று பொருள். பிரிந்து தெரிந்தால் ஜட்ஜ் தன் தலையை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்வார். அவரைத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார வைப்பதும் இதற்காகத்தான். இரண்டாவது கோடு இல்லாத கம்பைவிடக் கம்பே இல்லாமல் இருப்பது மேல். கம்பு இருக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

அந்த இரண்டு ஃபால்ட்டுகளுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 20-20. மறுபடி அவள் சர்வீஸ். எதைத் திருத்துவது என்று தெரியாத பெண் எல்லாவற்றையும் திருத்தினாள். கையை இறக்கினாள், ராக்கெட் தலையை இறக்கினாள், முழங்காலுக்கு அருகே கொண்டுபோனாள். வலை நடுவில் 1.524 மீட்டர். 1.05-ல் அடித்தால் ஷட்டில் அரை மீட்டருக்கும் குறைவாக ஏறினால் போதும், வலையைத் தடவிக்கொண்டு போகும். 70 சென்டிமீட்டரில் அடித்தால் 80 சென்டிமீட்டருக்கும் மேல் ஏற வேண்டும், அதுவும் இரண்டே மீட்டர் தூரத்தில். செங்குத்தாக ஏறியது வலைக்கு மேல் மிதந்து எதிராளிக்கு விருந்தாகும். அதற்குப் பயந்து தட்டினால் வலையில் மோதும். அவளுடையது வலையில் மோதியது. 20-21. அடுத்த புள்ளியில் கதை முடிந்தது. தோற்றால் அழுகிற பெண் இல்லை அவள். அன்று அழவும் இல்லை. "சார், நான் எங்கே அடிக்கணும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

"நடுவர் தீர்ப்பே இறுதி" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஷட்டில் எந்த உயரத்தில் இருந்தது என்பதில் அது இறுதிதான், அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் எந்த விதியைப் பொருத்துவது என்பது விதி பற்றிய கேள்வி. அம்பயரோடு முடியாத விதிப் பிரச்சினை, போட்டி முழுவதற்கும் பொறுப்பான ரெஃப்ரிக்குப் போக வேண்டும் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. அடுத்த சர்வீஸ் போடுவதற்குள் முறையிட வேண்டும் என்பதும் தெரியும். பதினான்கு வயதுப் பெண் 18-18-ல் நின்று, "ஐயா, ரெஃப்ரியைக் கூப்பிடுங்கள்" என்று கேட்பாள் என எதிர்பார்க்கிறீர்களா? அன்று ரெஃப்ரி மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் போடும்போது காலைத் தூக்கினாலும், கோட்டை மிதித்தாலும், ராக்கெட் முன்னே போகத் தொடங்கிய பிறகு நிறுத்தினாலும் உங்கள் அம்பயர்கள் கழுகுப் பார்வையோடு பிடிக்கிறார்கள். நல்லது. ஆனால் எதிரே வாங்குபவருக்கும் அதே கால் விதி உண்டு. ஷட்டில் புறப்படும் முன் முன்னே பாய்ந்த ஒருவரையாவது அன்று நிறுத்தினீர்களா? பள்ளி அரங்கத்தில் கூடைப்பந்துக் கோடும் கைப்பந்துக் கோடும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கும் தரையில், எந்தக் கோட்டை மிதித்தாள் என்று கண்டுபிடித்தது ஒரு சாதனை. வண்ணத் தோரணத்துக்கும் விருந்தினர் இருக்கைக்கும் காசு இருந்தது. வென்றவருக்குக் கொடுத்த கோப்பை மட்டும் 1.15 மீட்டருக்குக் குறையாது. அதை வைத்தாவது அளந்திருக்கலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

அடுத்த போட்டியின் சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: சர்வீஸ் உயரம் 1.15 மீட்டரா, கடைசி விலா எலும்பா. 1.15 என்றால் இரட்டைக் கோட்டுத் தகடும், அதன் பின்னால் உட்கார ஓர் ஆளும் வையுங்கள். எல்லாக் கோர்ட்டிலும் முடியாவிட்டால் காலிறுதியிலிருந்தாவது வையுங்கள். முடியவே முடியாது என்றால் தயங்காமல் பழைய விதியை அறிவியுங்கள். விலாவையும் தண்டையும் அம்பயர் கண்ணாலேயே பார்க்கலாம், கருவி வேண்டாம். நாங்கள் அதற்கேற்ப நூலை இறக்கிக் கட்டிக்கொள்வோம். இரண்டையும் கலக்காதீர்கள். ஃபால்ட் சொல்லும்போது எந்த ஃபால்ட் என்று ஆடுபவருக்குப் புரியும்படி காட்டச் சொல்லுங்கள்.

தகடு செய்ய ஆள் இல்லை என்றால் தெரிவியுங்கள். இரண்டு அக்ரிலிக் தகடுகள், ஒரு இரும்புச் சட்டம், கறுப்பு டேப். எங்கள் பயிற்சிக் கூடத்திலேயே செய்து, போட்டிக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறேன். உங்கள் ரெஃப்ரியே அளந்து ஒப்புக்கொண்ட பிறகு பயன்படுத்தினால் போதும்.

பெயர் கொடுக்கும் கடைசித் தேதிக்குள் பதில் வந்தால் பிள்ளைகளுக்குப் பயிற்சி எடுக்க நேரம் இருக்கும். எனக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை, எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் போகிற அறிவிப்பிலேயே அந்த ஒரு வரி இருக்கட்டும். எந்த உயரம் என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்து வரும் ஒரு பயிற்சியாளர்