சுருக்கத்தின் பாதி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநாடுகளுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களில் சரக்கில்லை என்று சென்ற இதழில் ஒரு பேராசிரியர் குறைபட்டிருந்தார். நானும் கல்லூரியில் இருந்த காலத்தில் சுருக்கங்களுக்கு மதிப்பெண் போட்டவன்தான். அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்.

அவளுடைய அம்மா கடற்பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கடல்நீர் வற்றும் வத்தம் பார்த்துக் கடலில் இறங்குகிறவர். மகளின் முனைவர் பட்ட ஆய்வும் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியதுதான். நான்காம் இயலில் பெரும்பகுதி, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என மாதம் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று இந்தப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டைப் பற்றியது. அறுபது பக்கம். அதன் சுருக்கத்தை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப நினைத்தாள். அவர்கள் கேட்டதோ, இடைவெளியும் சேர்த்து 2,000 எழுத்து. மதிப்பெண் 25: முடிவுக்கு 10, புதுமை, ஆய்வு முறை, மாநாட்டுத் தலைப்போடு பொருத்தம் ஆகியவற்றுக்குத் தலா 5.

ஒரு வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணி, வரிகளால் பெருக்கி, 1,900 தான் வருகிறது என்று நிம்மதியாக அனுப்பிவிட்டாள். இணையப் படிவம் எந்த எச்சரிக்கையும் தராமல் ஏற்றுக்கொண்டது. வந்த பதிலில் முடிவுக்குச் சுழியம். பிறகு பார்த்தால், படிவம் 2,000க்கு மேல் இருந்ததை வெட்டி எறிந்திருக்கிறது. கடைசிப் பத்தியில் இருந்த முடிவு முழுவதும் போயிருந்தது.

நாம் எண்ணுவது எழுத்தை, கணினி எண்ணுவது குறிகளை. 'பாம்பன்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் துணைக்காலும் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'மரிக்கொழுந்து' (இங்கே எடுக்கும் பாசிகளில் ஒன்றின் பெயர்) நமக்கு ஏழு, அதற்கு 13. 'கொ'வில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிந்திருந்தால் 14. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அவளுடைய 1,900ஐ எக்செலில் A1 கட்டத்தை இருமுறை சொடுக்கி அதற்குள் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் =LEN(A1) போட்டுப் பார்த்தோம். மூவாயிரத்தைத் தாண்டி நின்றது. 2,000 என்றால் தமிழில் ஏறக்குறைய 1,200, 1,300 எழுத்துதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வெட்டுப்படாமல் போயிருந்தாலும் அந்தச் சுருக்கம் தேறியிருக்காது. அங்கேதான் பேராசிரியரோடு ஒத்துப்போகிறேன். தொடக்கமே மன்னார் வளைகுடா 1986இல் தேசியப் பூங்காவானது, 21 தீவுகள் என்று ஓடியது. இயலுக்கு அது வேண்டும். மதிப்பெண் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கோ, அதற்கு மதிப்பெண் போட ஒரு கட்டமும் கிடையாது. அடுத்து, இயலில் இருந்த மூன்று செய்திகளையும் (12 நாள் கட்டுப்பாடு, வியாபாரியிடம் வாங்கும் முன்பணம், தீவுகளுக்குப் போகத் தடை) ஆளுக்கொரு வாக்கியமாக வைத்திருந்தாள். மூன்றும் அரைகுறை.

கட்டுப்பாடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடு என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முன்பணப் பகுதிக்குத்தான் அவள் அதிகம் அலைந்திருந்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். மதிப்பெண்ணைப் பார்த்து இடம் பிரித்தோம்: முடிவுக்கு 900 குறி, முறைக்கு 450, இதுவரை யாரும் கேட்காத கேள்வி எது என்பதற்கு 350, பொருத்தத்துக்கு 200. நூறு கையிருப்பு. முடிவை இரண்டாவது வாக்கியத்துக்கே கொண்டுவந்தோம், இனி எவன் வெட்டினாலும் வால்தான் போகும் என்று.

முறை என்ற இடத்தில் 'களஆய்வு வழி ஆராய முற்படுகிறது' என்றிருந்தது. 'ஆராய முற்படுகிறது' 17 குறி, 'ஆராய்கிறது' பத்துதான். அதையும் எடுத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பெண்கள், எத்தனை மாதம், கடலில் இறங்கிய நாளை யார் குறித்துவைத்தது என்று எழுதினாள். முறைக்கு ஐந்து மதிப்பெண் போடுகிறவர் தேடுவது அதைத்தான். நாளைக் குறித்தது அவள் அம்மா. 'என் தாயார்' என்று எழுதியிருந்ததை மட்டும் 'ஒரு சேகரிப்பாளர்' என்று மாற்றச் சொன்னேன். எழுதியவர் யாரென்று தெரியாமல் மதிப்பிடும் மாநாடு அது, உறவு தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும். உறவை மறைப்பது சரியா என்று கேட்டாள். முழுக்கட்டுரையில் கட்டாயம் சொல்லிவிடு என்றேன்.

இப்போது 1,946 குறியில் வேறொரு மாநாட்டுக்குப் போயிருக்கிறது. மாநாடு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அறிவிப்பில் '2,000 எழுத்து' என்று மட்டும் போடாமல், புள்ளியும் கொம்பும் தனியாக எண்ணப்படும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அளவு மீறினால் படிவம் திருப்பி அனுப்பட்டும். சத்தமில்லாமல் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.