கயலுக்கு, தேதியிட்டு எழுதச் சொல்லி

அன்புள்ள கயல்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய செய்தியில் "இவரோடு இனிமேல் முடியாதம்மா" என்றிருந்தது. புதன்கிழமை நான் அழைத்தபோது, "அது ஒன்றுமில்லை, அன்றைக்கு எனக்கே மனம் சரியில்லை" என்று பேச்சை மாற்றிவிட்டாய். இரண்டில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆகவே மாப்பிள்ளையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கப் போவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நாள்தோறும் தேதியிட்டு எழுது என்று மட்டும் சொல்லப் போகிறேன்.

தாதியாக இருந்த காலத்தில், வலிப்பு நோயாளிகளின் வீட்டார் "எப்போது பார்த்தாலும் வருகிறது" என்பார்கள். அதை வைத்து மருத்துவர் மருந்தை மாற்ற மாட்டார். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், முந்தைய இரவு தூங்கினாரா என்று எழுதி வரச் சொல்வார். "எப்போதும்" என்பது சில சமயம் மாதத்தில் நான்கு தடவையாக இருக்கும். சில சமயம் வீட்டார் நினைத்ததைவிட மிக அதிகமாகவும் இருக்கும். மோசமான ஒரு நாள் மற்ற நாள்களையெல்லாம் மறைத்துவிடும். நல்ல ஒரு வாரமும் அதையே செய்யும்.

நோட்டின் முதல் பக்கத்தில், எதை மோசமான நாள் என்று கணக்கிடுவாய் என்பதை முதலிலேயே எழுதிவிடு. குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குக் குரல் உயர்ந்தால், கேட்ட கேள்விக்கு மறுநாள்வரை பதில் வராவிட்டால் என்பதுபோல் தெளிவாக இருக்கட்டும். இல்லையென்றால், கோபமாக இருக்கும் வாரத்தில் அவர் கதவைச் சாத்தியதுகூடக் கணக்கில் வரும். இரக்கம் வந்த வாரத்தில் கத்தியதுகூட விட்டுப்போகும். பிறகு தினமும் ஒரே நேரத்தில், குழந்தை தூங்கிய பிறகு, இரண்டு வரி எழுது. "என்னை அவமானப்படுத்தினார்" என்று எழுதாதே. அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுது. யார் உடன் இருந்தார்கள், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, நீ என்ன சொன்னாய், பிறகு அவர் என்ன செய்தார் என்பதும் வேண்டும். நீ சொன்னதை விட்டுவிட்டு எழுதினால் அது புகார்ப் பட்டியலாகிவிடும். உன் நாக்கும் லேசுப்பட்டதல்ல, அது எனக்குத் தெரியும்.

எதுவும் நடக்காத நாளில் "சாதாரணம்" என்று எழுது. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல நாள்கள் எத்தனை என்று தெரியாமல் கெட்ட நாள்களை மட்டும் எண்ணி என்ன பயன்? எழுத மறந்த நாளை வெறுமையாக விடு, நினைவிலிருந்து நிரப்பாதே.

உன் சித்தி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். முதல் எட்டு வாரத்தில், அதாவது 56 நாளில், சித்தப்பா கத்திய நாள்கள் 11. சித்தி வாய்ச்சொல்லாகச் சொன்னபோது தினமும் கத்துகிறார் என்றுதான் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வாரமும் அவருக்கு இரவு ஷிஃப்ட் முடிந்த பிறகு வரும் முதல் இரண்டு நாள்களைத் தனியே பிரித்தோம். அப்படி 16 நாள்கள் இருந்தன. அவற்றில் எட்டு நாள் கத்தியிருந்தார். மீதி 40 நாளில் மூன்று முறைதான். தூக்கக் குறைவு என்று முடிவு கட்டி, அந்த இரண்டு நாளில் பணப் பேச்சை எடுப்பதில்லை, அவர் தூங்கி எழும்வரை பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தோம். அடுத்த எட்டு வாரத்தில் எட்டு என்பது மூன்றாகக் குறைந்தது.

ஆனால் முதல் எட்டு வாரத்தின் மீதி 40 நாளில் கத்திய அந்த மூன்று நாள்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. மூன்றுமே சித்தி பாட்டி வீட்டுக்குப் போய்த் திரும்பிய மாலைகள். அந்த எட்டு வாரத்தில் அவள் போனதே நான்கு தடவை. நான்கை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதால் தொடர்ந்து எழுதச் சொன்னேன். அடுத்த எட்டு வாரத்தில் ஐந்து முறை போனாள். நான்கு முறை அதே கதை, கூடவே தொலைபேசியில் யாரிடம் பேசினாய் என்ற விசாரணை. அவர் தூங்கியிருந்தாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யார் உடன் இருந்தார்கள் என்ற வரிதான் மீதியைச் சொன்னது: பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றவரை அவர் குரல் உயரவே இல்லை, கதவு மூடிய பிறகே உயர்ந்தது. களைப்பில் எரிந்து விழுபவர் எல்லாரிடமும் விழுவார், சித்தப்பா ஆள் பார்த்தார். முதலாவதற்கு ஏற்பாடு உதவியது, இரண்டாவதற்கு உதவவில்லை. அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

உன்னையும் சித்தியையும் ஒன்றாக வைக்கிறேன் என்று நினைக்காதே. நீ படித்தவள், வேலையிலும் வீட்டிலும் நிமிர்ந்து நிற்பவள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். ஆனால் பொங்கலன்று மாப்பிள்ளையின் அழைப்பு வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்ப் பேசினாயே, திரும்பி வந்து பாயசம் வேண்டாம் என்றாயே, அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஆறு வாரமாவது ஆன பிறகுதான் மொத்தமாகப் படிக்க வேண்டும். தீபாவளி வாரமோ அவர் அலுவலகக் கணக்கு முடிக்கும் மாதமோ மட்டும் உள்ளே வந்தால் அது பாதிப் படம்தான். சண்டையின் நடுவில் "மார்ச் 14ஆம் தேதி இரவு இப்படிச் சொன்னீர்கள்" என்று வாசித்துக் காட்டாதே. அன்றிலிருந்து அவர் எழுதப்படுவதற்காக நடந்துகொள்வார், நோட்டும் எதற்கும் ஆகாது. அவருடைய தொலைபேசியைத் திறந்து பார்த்து எழுதாதே. நீ கண்டதும் கேட்டதும் மட்டும் போதும். தொலைபேசியில் எழுதினால் அவருக்கும் தெரிந்த கடவுச்சொல்லில் வைக்காதே. தாளில் எழுதினால் வாரம் ஒருமுறை அங் மோ கியோவில் நம் வீட்டுக்குக் கொண்டு வா, என் அலமாரியில் வைக்கிறேன். படிக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் இந்த நோட்டுக்கு வெளியே வைக்கிறேன். அவர் கை ஓங்கினாலோ, பொருளை உன்மீது வீசினாலோ, வெளியே போகவிடாமல் தடுத்தாலோ, வீட்டுக்குத் திரும்பவே உனக்குப் பயமாக இருந்தாலோ, ஆறு வாரம் காத்திருக்காதே. அதற்கு ஒரு முறையே போதும். ஆபத்து என்றால் 999. பேச வேண்டும் என்றால் குடும்ப வன்முறை உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சிங்கப்பூரின் மாதர் சாசனச் சட்டத்தின்படி தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு நீயே விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரி 2 முதல் மனத்தளவில் செய்யும் கொடுமையும் குடும்ப வன்முறை என்பதில் தெளிவாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அந்த ஆணைக்காக நீதிமன்றம் போக நேர்ந்தால், அன்றன்றே தேதியிட்டு எழுதியது உனக்குக் கைகொடுக்கும். போக நேராவிட்டால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கை, வீசுதல், பயம் இவற்றில் எதுவும் இருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா, சாவி உன்னிடம் இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் இன்றிரவே முதல் வரியை எழுது, சாதாரணம் என்றாலும் எழுது. அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வருகிறாயா, இருவரும் வருகிறீர்களா என்பதை வெள்ளிக்குள் சொல்.

அம்மா