மகளின் ஐந்து வரி

அன்பு நண்பா,

உன் கடிதமும், நேர்முகத்தில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் சொல்வதற்காக மகள் எழுதிய ஐந்து வரி விவரமும் வந்து சேர்ந்தன. குரூப் 1 மெயின்ஸ் தேறிவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். எழுத்துத் தேர்வு 750, நேர்முகம் 100. முன்னே பின்னே நிற்பவர்களுக்கு அந்த 100 பெரிய விஷயம்.

அவள் எழுதியது இது: “பி.இ. சிவில், 2019. கட்டுமான நிறுவனத்தில் இரண்டு ஆண்டு சைட் இன்ஜினியர். 2021 முதல் தேர்வுத் தயாரிப்பு. சொந்த ஊர் கோவில்பட்டி. பொழுதுபோக்கு வாசிப்பு, இசை.” இதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நானும் சில வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். தாளில் இருப்பதையே கேட்டால் காது தானாக மூடிக்கொள்ளும். தாளில் இல்லாத ஒன்று வந்தால்தான் நிமிர்ந்து பார்ப்போம்.

அதனால் நேற்று அவளிடம் போனில் பேசினேன். அவள் அம்மா, நம்ம தங்கச்சி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்ததை அவள் எழுதவே இல்லை. சைட்டில் என்ன செய்தாய் என்று கேட்டபோது ஒரு குடிநீர்த் தொட்டி பற்றிச் சொன்னாள். இரண்டையும் வைத்து இப்படி எழுதினோம்:

“வணக்கம். எனக்குக் கோவில்பட்டி. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். சிவில் முடித்து இரண்டு ஆண்டு சைட்டில் இருந்தேன். அங்கே ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டி முடித்தோம். ஆனால் மின் இணைப்பு வந்து தண்ணீர் ஏற ஏழு மாதம் ஆனது. பல துறைகளை ஒன்றுசேர்க்கும் வேலையில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. 2021இல் வேலையை விட்டுப் படித்தேன். இது என் இரண்டாவது முயற்சி.”

நிதானமாகச் சொன்னால் அரை நிமிடம்தான், அது போதும். முதல் முயற்சியில் தவறியதை மறைக்கவில்லை பார். இடைவெளியை நாமே சொல்லிவிட்டால் அதைத் தோண்டும் அவசியம் அவர்களுக்குக் குறையும். வாசிப்பையும் இசையையும் இதில் சேர்க்கவில்லை. ஆனால் விண்ணப்பத்திலும் அவை இருந்தால் கேட்கலாம். கடைசியாகப் படித்த புத்தகம் எது, பாடுகிற ராகம் எது என்று கேட்டேன், தடுமாறினாள். அதற்கு உண்மையான பதில் இப்போதே வேண்டும்.

இனி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே, அதிலிருந்து கிளம்பும் மூன்று கேள்விகளை எழுதச் சொல். தீப்பெட்டி என்றால், 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் வந்த தடையைக் கேட்கலாம். தொட்டி என்றால், ‘தாமதம் யாரால்? துணை ஆட்சியராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று நிச்சயம் வரும். அங்கே எந்தத் துறையையும் குறை சொல்லாமல், மனு எங்கே நின்றது, யார் யாரை ஒரே நாளில் உட்காரவைத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டுக்குப் பதில் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடலாம்.

அப்புறம், வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும். ஊர், அம்மா, தொட்டி, முயற்சி என்ற வரிசை மட்டும் மனதில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை போன் செய்யச் சொல். நான் கேள்வி கேட்கிறேன், நீ பக்கத்தில் இருந்தாலும் எடுத்துக் கொடுக்காதே. தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் நண்பன்