97 சதவீத ஆரோக்கியம் என்று சொல்லித் திருப்பித் தரப்பட்ட எஸ்எஸ்டி குறித்துப் புகார்

அனுப்புநர்: புகைப்பட நிலைய உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்.
பொருள்: வாரண்டிக் காலத்தில் பழுதான 500 ஜிபி எஸ்எஸ்டியை மாற்றித் தர மறுத்தது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் என்விஎம்இ டிரைவை ஐந்து ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுத்து, இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரை என்ற வாரண்டியுடன் வாங்கினேன். இரண்டாம் ஆண்டிலேயே, தை மாதத்து முகூர்த்தப் படங்களைப் பிரதி எடுக்கும்போது, சில கோப்புகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றுவிடுகின்றன. வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தும் அவை அதே இடத்தில்தான் நின்றன. டிரைவின் நிலையைக் காட்டும் `smartctl -a /dev/nvme0` கட்டளை தந்த அறிக்கையின் முக்கிய வரிகள் இவை:

```
Available Spare:                  100%
Percentage Used:                  3%
Data Units Written:               35,160,412 [18.0 TB]
Media and Data Integrity Errors:  41
```

இந்தத் தாளுடன் முதலில் பாலக்காட்டிலுள்ள தங்கள் சேவை மையத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் 3% என்பதை மட்டும் பார்த்துவிட்டு, "ஆயுள் மூன்று சதவீதம்தான் மிச்சம், தேய்ந்துபோன டிரைவுக்கு வாரண்டி கிடையாது" என்றார். அந்த வரி சொல்வது மிச்சத்தை அல்ல, செலவானதை. புதிய டிரைவில் அது 0. பயன்படுத்தப் பயன்படுத்த ஏறும். 100-ஐத் தாண்டியும் செல்லலாம். CrystalDiskInfo என்ற மென்பொருள் இதே எண்ணை நூறிலிருந்து கழித்து 97% என்று காட்டுகிறது. எழுதப்பட்ட 18 டெராபைட்டை வாரண்டியின் 300 டெராபைட்டால் வகுத்தால் 6% செலவு, அதாவது 94% மிச்சம் என்று வருகிறது. வேறொரு மென்பொருள் இப்படித்தான் கணக்கிட்டு 94% என்றது. ஒரே டிரைவுக்கு 3, 97, 94 என்று மூன்று எண்கள் வந்தாலும் அவற்றுக்குள் முரண்பாடு இல்லை. முதல் இரண்டும், நினைவகச் செல்கள் எத்தனை முறை அழித்து எழுதப்பட்டன என்பதை வைத்துத் தங்கள் டிரைவே செய்யும் மதிப்பீடு. மூன்றாவது, வாரண்டி வரம்பை வைத்துப் போடும் கணக்கு. தாங்கள் தயாரித்த பொருளைப் பற்றித் தங்களுக்கே இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அடுத்து, கடையை அடைத்துவிட்டு, வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் கோயம்புத்தூர் மையத்துக்குச் சென்றேன். மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு, கவுண்டரில் இருந்தவர் தங்கள் நிறுவன மென்பொருளை ஓட்டி, 97% என்று பச்சை நிறத்தில் வந்ததும் டிரைவை என் பக்கம் தள்ளிவிட்டு, "நல்லா இருக்கிற டிரைவைத் தூக்கிக்கிட்டு வந்து எங்க நேரத்தை ஏன் வீணாக்குறீங்க?" என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்டார். அவரிடம் 41 என்ற வரியைக் காட்டினேன். அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வரிதான் என் புகாரின் முழு அடிப்படை. பிழைதிருத்தக் குறியீட்டாலும் மீட்க முடியாத தரவை டிரைவே கண்டுபிடித்த ஒவ்வொரு முறையும் அந்த எண் கூடும். பழுதான ஒரு கோப்பை மீண்டும் படிக்கச் செய்தபோது, என் கண்ணெதிரே அது 41-இலிருந்து 44 ஆனது. தேய்மான சதவீதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு சில்லு பழுதாகலாம், கட்டுப்படுத்தி பழுதாகலாம், அப்போதும் ஆரோக்கிய எண் 97 என்றே நிற்கும். அதே போல 100% செலவாகிவிட்டதாகக் காட்டும் டிரைவ் பழுதின்றி வேலை செய்துகொண்டிருக்கவும் கூடும். Available Spare வரியில் மாற்று இருப்பு 100% என்று இருப்பதும் பழுது இல்லை என்பதற்குச் சான்றல்ல. பழுதான இடங்களுக்கு மாற்றாக வைத்திருக்கும் உதிரிப் பகுதிகள் இன்னும் பயன்படுத்தப்படவில்லை என்பதையே அது காட்டுகிறது.

பாலக்காட்டில் தேய்ந்துவிட்டது என்று மறுத்தீர்கள். கோயம்புத்தூரில் தேயவில்லை என்று மறுத்தீர்கள். இரண்டும் ஒரே எண்ணை வைத்துத்தான். அதற்குப் பிறகு நான்கு முறை தொலைபேசியில் அழைத்தும், ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே சொல்லச் சொன்னார்கள். ஒரு திருமணத்தின் தாலி கட்டும் படங்கள் முழுவதும் போய்விட்டன. அந்தக் குடும்பத்தாரின் முகத்தில் என்னால் விழிக்க முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயர் அழிந்துவிட்டது, இனி இந்த வட்டாரத்தில் ஒருவரும் என்னை அழைக்கப்போவதில்லை.

தயவுசெய்து தாங்களே இந்த அறிக்கையைப் படித்து, 15 நாட்களுக்குள் டிரைவை மாற்றித் தருமாறும், என்னை அவமதித்த ஊழியரிடம் விளக்கம் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் பாலக்காடு மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். 44 என்று காட்டும் திரைப்பதிவும் பேருந்துச் சீட்டுகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், smartctl அறிக்கை, தங்கள் மென்பொருளின் திரைப்பதிவு.