கோபுரத்தை விட்டுக் கோப்பைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோவின் அதிகாரக் கருத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாம் திட்டமிட்ட வட்டச் சிறையையும், எல்லா அறைகளையும் பார்க்கும்படி அதன் நடுவே நிற்கும் காவல் கோபுரத்தையும் அழகாக விளக்கிவிட்டு, அதிகாரம் என்பது நம்மை யாரோ கண்காணிப்பது என்ற இடத்திலேயே கட்டுரையாளர் நின்றுவிட்டார். அதுதான் எனக்கு வருத்தம். அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, புதிதாக உண்டாக்கவும் செய்கிறது என்பதே ஃபூக்கோவின் வாதம். சிறையைப் பற்றி 1975இல் அவர் எழுதிய நூலில் அதை நன்றாகக் காட்டுவது, கோபுரத்தைவிடக் கைதியைப் பற்றி எழுதி வைக்கும் கோப்புதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் ஒருவன் திருடிப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்துக்கு அவன் செய்த செயல் தெரிந்தால் போதும்: எதைத் திருடினான், சட்டத்தில் அதற்கு எத்தனை வருடம். ஆனால் அவனைத் திருத்தப்போவதாகச் சொல்லும் சிறைக்கு அது போதாது. சிறுவயதில் எப்படி வளர்ந்தான், தாய் தகப்பன் எப்படிப்பட்டவர்கள், குடிப்பானா, வேலையில் சோம்பலா என்றெல்லாம் அதற்குத் தெரிய வேண்டும். அப்படி எழுதி எழுதித் திருடியவன் 'குற்ற இயல்பு கொண்டவன்' ஆகிறான். குற்றம் நடப்பதற்கு முன்பே அவனுக்குள் ஒரு குற்றவாளி இருந்ததாக அந்தக் கோப்பு சொல்கிறது. குற்றவியல் என்ற அறிவுத்துறைக்கும் பேச ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் விடுதலை. வெளியே வந்தவன் போலீஸ் கண்காணிப்பில், சொன்ன ஊரில்தான் இருக்க வேண்டும். யார் வேலை கொடுப்பார்கள்? திரும்பவும் திருடுகிறான், கோப்பு சொன்னது சரி என்றாகிவிடுகிறது. சிறை குற்றவாளிகளைப் பெருக்குகிறது என்று 1820களிலேயே குறை சொன்னார்கள். அப்படியும் அது ஏன் நிலைத்தது என்று கேட்கிறார் ஃபூக்கோ. அடையாளம் தெரிந்த இந்தச் சிறு கூட்டம் ஆள்பவர்களுக்குப் பயன்பட்டது, உளவாளிகள் அதிலிருந்தே கிடைத்தார்கள் என்பது அவர் பதில். பழைய கைதியான விதோக் பாரிஸ் துப்பறியும் பிரிவுக்கே தலைவரானார்.

இதை எந்த அரசனும் மேலிருந்து திட்டமிட்டு நடத்தவில்லை. வார்டர், மருத்துவர், பாதிரியார், நீதிபதி எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள். அதிகாரம் பரவிக் கிடக்கிறது என்று ஃபூக்கோ சொல்வது இதைத்தான்.

சரி, எங்கும் அதிகாரம் என்றால் எந்தத் தரையில் நின்று எதிர்ப்பது? அமெரிக்கத் தத்துவ அறிஞர் நான்சி ஃப்ரேசர் எழுப்பிய இந்தக் கேள்வி நியாயமானது, நூலுக்குள் அதற்கு முழுப் பதிலும் இல்லை. ஆனால் ஃபூக்கோவிடம் எதிர்ப்புக்கே இடமில்லை என்று கட்டுரையாளர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. 1971இல் ஃபூக்கோ நண்பர்களோடு சேர்ந்து சிறைகளைப் பற்றித் தகவல் திரட்டும் குழு ஒன்றைத் தொடங்கினார். சிறை வாசலில் பார்வை நேரத்துக்கு வரிசையில் நின்ற குடும்பத்தினரிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்தார்கள்; அவர்கள் வழியாக அவை உள்ளே இருந்த கைதிகளிடம் போயின. இம்முறை சிறையைப் பற்றி எழுதியவர்கள் கைதிகள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி